காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, ஓ.ஆர்.எஸ்.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாமே கெட்ட தண்ணீரால் வருவதுதானே? காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று எதற்கு மூன்றாகப் பிரிக்க வேண்டும்?

தண்ணீர் ஒன்றுதான். கிருமிகள் வேறு, அவை உடம்பில் போய்த் தங்கும் இடம் வேறு, நோய் வெளியே தெரிய எடுத்துக்கொள்ளும் காலமும் வேறு. காலரா பாக்டீரியா சிறுகுடலின் உட்சுவரோடு நின்றுவிடுகிறது, ரத்தத்துக்குள் போவதில்லை. அதனால் குடித்த சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் பேதி தொடங்கிவிடும். டைபாய்டு பாக்டீரியா குடற்சுவரைக் கடந்து ரத்தத்தில் கலந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் பெருகுகிறது. காய்ச்சல் தலைகாட்டப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரங்கள் ஆகும். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் நேரே கல்லீரலுக்குப் போகிறது. கண் மஞ்சளாகச் சராசரியாக நான்கு வாரங்கள், சிலருக்கு ஐம்பது நாட்கள்கூட ஆகலாம்.

ஒரு தெருவில் ஒன்றாம் தேதி குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தேதி நான்கு வீடுகளில் பேதி. ஆறாம் தேதி உடைப்பை அடைத்துவிட்டார்கள், தண்ணீரும் தெளிந்துவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். இருபதாம் தேதி இரண்டு பேருக்கு விடாத காய்ச்சல். அடுத்த மாதம் முதல் வாரத்தில் கல்லூரி போகும் பையனுக்குக் கண் மஞ்சள். அவன் முந்தைய நாள் சாப்பிட்ட பரோட்டாவைத்தான் வீட்டில் குற்றம் சொல்வார்கள். மஞ்சள் காமாலைக்கு மூலம் தேடுகிறவர் ஒரு மாதம் பின்னோக்கிப் போய்க் கேட்க வேண்டும்.

எங்கள் குழாயில் கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் வருகிறது. அதில் எப்படிச் சாக்கடை கலக்கும்?

தண்ணீர் வரும்போது கலப்பதில்லை; நிற்கும்போதுதான் கலக்கிறது. நம் ஊர்களில் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியேதான் கசியும். நிறுத்தியதும் அழுத்தம் இறங்கி, குழாய் வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். வெளியே இருப்பது பெரும்பாலும் கழிவுநீர்க் கால்வாய். இணைப்புக் குழாய்கள் அதன் ஓரமாகவோ அதற்குள்ளேயோதான் ஓடுகின்றன. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இருந்தால் அந்த இழுவை இன்னும் கூடும். தன் வீட்டுத் தொட்டி சீக்கிரம் நிறைய வேண்டும் என்று மோட்டார் போடுகிறவர் தெருவுக்கே சாக்கடையை இழுத்து விடுகிறார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கழற்றுவாரா என்பது வேறு விஷயம்.

2022 ஜூலைத் தொடக்கத்தில் காரைக்காலில் காலரா உறுதியாகி, புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளி, கல்லூரிகளை மூன்று நாட்கள் மூடியது. இது பழைய பஞ்ச காலத்து நோய் என்று நினைப்பவர்கள் அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சாதாரணப் பேதிக்கும் காலராவுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

அளவைப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள். கடுமையான காலராவில் முதலில் இரண்டு மூன்று முறை மலமாகப் போகும். அதன்பின் மலமே இருக்காது. அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்து, சிறு சிறு திட்டுகள் மிதக்க, குடம் சாய்த்தது போலப் போகும். ரத்தம் இருக்காது, காய்ச்சலும் பெரும்பாலும் இருக்காது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் வலியும் குறைவு. மிக மோசமான நிலையில் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், குரல் கம்மும், விரல் நுனிகள் நீரில் ஊறியது போலச் சுருங்கும். காலையில் நடந்து போனவர் மாலையில் நாடி கிடைக்காமல் கிடப்பது இந்த நோயில்தான்.

ஆனால் காலராக் கிருமி புகுந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது, அல்லது சாதாரணப் பேதியாகப் போய்விடும். அவர்கள் மலத்திலும் கிருமி வெளியேறும் என்பதுதான் ஊருக்குச் சிக்கல். உறுதிசெய்ய மலப் பரிசோதனை வேண்டும்; சிகிச்சை தொடங்க அது வேண்டாம். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர் தண்ணீராகப் போகும் பேதியால் மோசமாக வற்றிப்போனாலோ இறந்தாலோ சுகாதாரத் துறை காலராவைச் சந்தேகித்தே தீரவேண்டும்.

இன்னொரு செய்தி, சென்னைக்காரர்களுக்கு. காலராவைப் பரப்பும் வகை ஓ1 ஒன்றுதான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, ஓ139 என்ற புது வகை 1992-இல் முதலில் தென்பட்ட இடங்களில் ஒன்று நம் சென்னை.

குடிக்கிற தண்ணீரெல்லாம் பேதியாகத்தானே போகிறது? பிறகு ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு, சர்க்கரைக் கரைசல் மட்டும் எப்படி உடம்பில் நிற்கும்?

நியாயமான சந்தேகம். மருத்துவர்களுக்கே இருந்த சந்தேகம்தான். அதனால்தான் பல பத்தாண்டுகள் "குடலுக்கு ஓய்வு கொடு, வாயால் எதுவும் தராதே" என்று நடத்தினார்கள்.

காலராக் கிருமி குடற்சுவரைத் தின்றுவிடுவதில்லை. அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது. இதைக் கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-இல் முயல் குடலில் சோதித்துக் காட்டினார். அந்த நஞ்சு குடற்செல்களை இடைவிடாமல் உப்பை வெளியேற்ற வைக்கிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. சாதாரணமாக உப்பை உள்ளே இழுக்கும் ஒரு பாதையும் அடைபட்டுவிடுகிறது. ஆனால் இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது. அந்தக் கதவில் சோடியம் தனியாக வந்தால் அனுமதி இல்லை, குளுக்கோஸ் தனியாக வந்தாலும் இல்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் உள்ளே விடும். அவை நுழைந்ததும் தண்ணீர் கூடவே நுழையும். எவ்வளவு கடுமையான காலராவிலும் இந்தக் கதவு பழுதாவதில்லை.

வெறும் தண்ணீர் ஏன் போதாது என்பதும் உப்புத் தண்ணீர் மட்டும் ஏன் போதாது என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது. ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்துவதில்லை, முதல் நாளில் பேதியின் அளவு குறையாது. போவது போய்க்கொண்டே இருக்க, அதைவிடச் சற்றுக் கூடுதலாக உள்ளே சேர்ப்பதுதான் அதன் வேலை. "கொடுத்துப் பார்த்தோம், நிற்கவில்லை" என்று பாதியில் விடுகிற வீடுகளில்தான் ஆபத்து.

இது ஆய்வகப் பேச்சாக நின்றுவிடவில்லை. டாக்காவில் 1968-இல் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் இதை நிறுவினார்கள். 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் ஏற்றுவதற்கான சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலவையைக் கல்கத்தாவில் பொட்டலம் போடவைத்து, டிரம்மில் கரைத்து, நோயாளியின் உறவினர்களிடமே குவளையைக் கொடுத்தார். முப்பது சதவீதம் வரை இருந்த இறப்பு அங்கே நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. நர்ஸ் இல்லாத இடத்தில் அம்மாவும் அக்காவும் செய்த வைத்தியம் அது.

பொட்டலத்தைக் கரைப்பதில் என்ன வித்தை இருக்கிறது? டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் ஆகாதா?

ஆகாது. வீடுகளில் நடக்கும் தவறுகளில் இதுதான் மிகப் பெரியது. பொட்டலத்தில் நான்கு பொருட்கள் பொடியாக இருக்கின்றன: உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய அளவுப்படி சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. பொட்டலத்தை அலமாரியில் வைத்திருக்கும்போது எது அடியில் தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு கரண்டி எடுத்தால் அதில் உப்பு கூடுதலாகவோ குளுக்கோஸ் கூடுதலாகவோ வரலாம்.

அதைவிட மோசமானது, "சத்துக் கூடுதலாக இருக்கட்டும்" என்று முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில் கரைப்பது. 200 மி.லி. டம்ளரில் ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் ஐந்து மடங்கு உப்பு. அந்தக் கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். குழந்தை தாகத்தில் துடிக்கிறது, அதையே மேலும் கொடுக்கிறார்கள் என்பதுதான் இதில் கொடுமை.

சரியான முறை இது. பொட்டலத்தின் மேல் எத்தனை மி.லி. என்று எழுதியிருக்கிறதோ அதை முதலில் படியுங்கள். ஒரு லிட்டர் பொட்டலமும் உண்டு, 200 மி.லி. சிறு பொட்டலமும் உண்டு. இரண்டும் ஒரே கடையில், ஒரே நிறத்தில்கூட இருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை அளந்து சுத்தமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். வீட்டில் அளவுக் குவளை இல்லையென்றால் கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே நல்ல அளவை. முழுப் பொட்டலத்தையும் கொட்டி, துகள் தெரியாதவரை கலக்கி, மூடிவையுங்கள். கரைத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிவைத்தால் நல்லது. 24 மணி நேரம் ஆனால் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். கரைத்தபின் சூடு பண்ணாதீர்கள், தண்ணீர் ஆவியாகிச் செறிவு ஏறிவிடும். பாலிலோ பழச்சாற்றிலோ கரைக்காதீர்கள். ருசிக்கு ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போடவும் வேண்டாம்.

இரவு பதினொரு மணி, மருந்துக்கடை மூடிவிட்டது. வீட்டு உப்பும் சர்க்கரையும் போதுமா?

விடியும்வரை தாக்குப்பிடிக்கப் போதும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி தூள் உப்பு. தேக்கரண்டி என்பது மருந்து பாட்டிலோடு வரும் 5 மி.லி. அளவுதான், குழம்புக் கரண்டியோ சாப்பாட்டு மேசைக் கரண்டியோ இல்லை. கத்தியின் முதுகால் மேல்பகுதியை வழித்துவிட்டால் தலைதட்டிய அளவு கிடைக்கும்.

தவறு எப்போதும் உப்பில்தான் நேர்கிறது. கல் உப்பு என்றால் முதலில் பொடித்துவிட்டு அளவெடுங்கள். சிட்டிகைக் கணக்கு வேண்டாம், ஆளுக்கு ஆள் விரல் மாறும். குழந்தைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள்.

இந்தக் கரைசலில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் கிடையாது, அதனால் விடிந்ததும் பொட்டலத்துக்கு மாறிவிட வேண்டும். உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியும் நல்லதுதான். அரிசி மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓ.ஆர்.எஸ்ஸோடு சேர்த்துக் குடிக்கலாம், அதற்குப் பதிலாக வேண்டாம். காலரா போலக் கொட்டும் பேதியில் வீட்டுக் கரைசலை நம்பிக் காலையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவே கூடாது.

மூன்று வயதுக் குழந்தை, 12 கிலோ. காலையிலிருந்து ஏழெட்டு முறை தண்ணீராகப் போய்விட்டது. எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

முதலில் குழந்தையைப் பாருங்கள், பேதியை எண்ணுவது அப்புறம். விளையாடிக்கொண்டு, அழுதால் கண்ணீர் வந்து, வழக்கம்போல் சிறுநீர் போனால் உடம்பு இன்னும் வற்றவில்லை. அப்போது ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 100 முதல் 200 மி.லி. போதும். (இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் 50 முதல் 100.)

கண் குழிந்து, சிணுங்கிக்கொண்டே, தம்ளரைப் பார்த்ததும் பாய்ந்து குடித்தால் வற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். வயிற்றுத் தோலைத் தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று சமமாகாமல் மெல்லப் படிந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த நிலைக்குக் கணக்கு, எடை ஒரு கிலோவுக்கு 75 மி.லி., நான்கு மணி நேரத்தில். 12 கிலோவுக்கு 900 மி.லி. ஏறத்தாழ ஒரு பொட்டலம் கரைத்த பாத்திரம் முழுவதும். இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் கண்ணெதிரில் கொடுப்பதே முறை. போக நேரமாகும் என்றால் வீட்டிலேயே தொடங்கி, வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போங்கள்.

900 மி.லி. என்றதும் மலைத்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் அப்படியில்லை. நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்றால் மணிக்கு 300 மி.லி.; நான்கு மணி நேரத்தில் தேவைக்கு மேலேயே போய்விடும். டம்ளரை வாயில் வைத்தால் தாகத்தில் கடகடவென்று குடித்துவிட்டு வாந்தி எடுக்கும், அதனால்தான் கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று மெதுவாக மறுபடி தொடங்குங்கள். வாந்தி எடுத்தாலும் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். ரப்பர் முனை அடுத்த நோய்க்கு வழி.

நான்கு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கண் குழி குறைந்து, தோல் சட்டெனப் படிந்து, சிறுநீர் போயிருந்தால் இனி பேதிக்குப் பேதி அளவு கொடுத்தால் போதும். அப்படியே இருந்தால் இன்னொரு நான்கு மணி நேரம், ஆனால் இம்முறை கட்டாயம் மருத்துவமனையில். இடையில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. குழந்தைக்குப் பசித்ததும் குழைந்த சாதம், இட்லி, தயிர், வாழைப்பழம் கொடுக்கலாம். பட்டினி போடும் பழக்கத்தைப் பாட்டிகள் விட மறுத்தால் கொஞ்சம் சண்டை போட்டாவது விடவையுங்கள். கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழ் 10 மி.கி., பேதி நடுவில் நின்றாலும் மொத்தம் 14 நாட்கள். சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்ஸோடு சேர்த்தே தருவார்கள். பலர் நான்காம் நாள் நிறுத்திவிடுகிறார்கள்.

எந்த நிலைக்குப் பிறகு வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது?

குழந்தை துவண்டு, எழுப்பினாலும் கண் விழிக்காமல் கிடந்தால். குடிக்கக் கொடுத்தால் விழுங்க முடியாவிட்டால். கிள்ளிய தோல் இரண்டு விநாடிக்கு மேலும் மடிந்தே நின்றால். ஆறு மணி நேரமாகச் சிறுநீரே இல்லையென்றால். மலத்தில் ரத்தம் இருந்தால். குடிப்பதைவிட வேகமாகக் கொட்டிக்கொண்டே இருந்தால். முதல் மூன்றில் வாய்வழிக் கரைசலின் காலம் கடந்துவிட்டது. ரிங்கர் லாக்டேட் சலைனை வேகமாக ஏற்ற வேண்டும், கிலோவுக்கு 100 மி.லி. என்ற கணக்கில் சில மணி நேரத்துக்குள். சிகிச்சை இல்லாத கடுமையான காலராவில் பாதிப்பேர் வரை இறக்கலாம். நேரத்துக்குத் தண்ணீர் சேர்த்தால் நூற்றில் ஒருவருக்கும் கீழ். காலரா உறுதியானால் டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் ஒருவேளை மருந்தாகத் தருவதுண்டு. அது பேதியின் நாட்களைக் குறைக்கும், தண்ணீரின் இடத்தை நிரப்பாது.

பேதியை உடனே நிறுத்தும் மாத்திரை கடையில் கிடைக்கிறதே?

குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. குடலின் அசைவை நிறுத்தினால் வெளியே வருவது நிற்கும். குடலுக்குள் சுரப்பது நிற்காது. வயிறு உப்பும், எவ்வளவு இழந்தது என்ற கணக்கும் தெரியாமல் போகும்.

டெட்ராபேக்கில் ஓ.ஆர்.எஸ். என்று ஆரஞ்சு ருசியில் விற்கிறார்களே, பிள்ளைகள் விரும்பிக் குடிக்கின்றன. அது சரிதானா?

விரும்பிக் குடிக்கின்றன என்பதே சந்தேகப்படப் போதும். உண்மையான ஓ.ஆர்.எஸ். ருசியாக இருக்காது, இலேசாகக் கரிக்கும், இலேசாகத் தித்திக்கும். அந்தப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை பல மடங்கு, சோடியம் கொஞ்சம். பேதிக்காரக் குழந்தைக்கு அது பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அதற்குக் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. குளிர்பானம், விளையாட்டு வீரர் பானம், குளுக்கோஸ் பவுடர் கரைத்த தண்ணீர் எல்லாம் இதே வகைதான்.

டைபாய்டுக்கும் ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. டைபாய்டு ரத்தத்தில் இருக்கும் பாக்டீரியாவின் நோய், அதற்கு மருத்துவர் தரும் ஆன்டிபயாட்டிக்கை முழு நாட்களுக்கும் சாப்பிட வேண்டும். பேதியோ வாந்தியோ சேர்ந்து வந்தால் இழந்த நீருக்காக ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம், அவ்வளவுதான். டைபாய்டில் மலச்சிக்கலும் சமமாக வரும் என்பதால் "பேதி இல்லையே, டைபாய்டாக இருக்காது" என்று தள்ளிவிடாதீர்கள்.

அடையாளம், நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல், தலைவலி, நாக்கில் வெள்ளைப் படிவு, எதையும் சாப்பிடப் பிடிக்காத சோர்வு. மூன்று நாட்களில் இறங்காத காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் எடுப்பதுதான் நல்ல சோதனை. தெருவுக்குத் தெரு எடுக்கும் விடால் சோதனை, பழைய தொற்றுக்கும் வேறு காய்ச்சல்களுக்கும்கூட பாசிட்டிவ் காட்டும். அதை மட்டும் நம்பி ஆண்டுக்கு இரண்டு முறை டைபாய்டு வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஏராளம். கல்ச்சருக்கு இன்னொரு பயனும் உண்டு: எந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்று அது சொல்லும். ஒருகாலத்தில் கைகொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இப்போது இந்தியாவில் பெரும்பாலும் பயனில்லை.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரென்று வயிற்றில் கடும் வலி, வயிறு கல்லாதல், கருத்த அல்லது ரத்தம் கலந்த மலம் வந்தால் குடலில் ஓட்டையோ ரத்தக்கசிவோ ஏற்பட்டிருக்கலாம், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குணமானவர்களில் சிலரின் பித்தப்பையில் கிருமி மாதக்கணக்கில் தங்கும். அவர் சமையல்காரராக இருந்தால் மலப் பரிசோதனை சரியாக வரும்வரை அடுப்படியை விட்டு விலகியிருக்க வேண்டும். தடுப்பூசி இருக்கிறது, ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஒரே ஊசி.

மஞ்சள் காமாலை வந்தால் எண்ணெய், உப்பு நிறுத்த வேண்டுமா? கீழாநெல்லி போதுமா?

ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தீரும். நாள்பட்ட நோயாக மாறாது. கீழாநெல்லி சாப்பிட்டவர் குணமானார் என்றால், சாப்பிடாதவரும் குணமாகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்தியம் தேவையில்லை. வாந்தி அனுமதிக்கிற அளவுக்கு வழக்கமான சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. மதுவை அறவே விட வேண்டும்; காய்ச்சலுக்கான பாராசிட்டமாலைக்கூட மருத்துவரைக் கேட்டுத்தான். பெயர் தெரியாத சூரணங்களும் வேண்டாம், அவற்றையும் வடிகட்டப் போவது அதே நோயுற்ற கல்லீரல்தான். உளறல், பகலில் தூங்கி வழிதல், ஈறிலிருந்து ரத்தம், நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அன்றே போக வேண்டும், ஏனென்றால் இதே தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஈ கர்ப்பிணிகளைக் கொல்லக்கூடியது.

ஹெபடைடிஸ் ஏ-யில் ஒரு முரண் உண்டு. ஆறு வயதுக்குக் கீழ் பெரும்பாலும் காமாலையே தெரியாமல் வந்து போய்விடும், ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி தந்துவிடும். வயது ஏற ஏற நோய் கடுமையாகும். சுத்தமான தண்ணீரில் வளர்ந்து, கல்லூரி விடுதிக்கு முதன்முறையாகப் போகும் பிள்ளைகளுக்கு இதனால்தான் இப்போது காமாலை அதிகம் வருகிறது. அந்த வயதுக்காரர்கள் தடுப்பூசி பற்றி யோசிக்கலாம். கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில்தான் மலத்தில் வைரஸ் மிகுதி. மஞ்சளைப் பார்த்தபின் தட்டையும் தம்ளரையும் தனியாக வைப்பது தாமதமான காரியம். அந்த வாரங்களிலும் தொடர்ந்தும் கழிவறைக்குப் பின் சோப்பில் கை கழுவியிருந்தார்களா என்பதே கேள்வி.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் மூன்றுக்கும் போதுமா? குளோரின், ஆர்.ஓ. எல்லாம் எப்படி?

போதும். பாத்திரத்தின் ஓரத்தில் குமிழி வருவது கொதி இல்லை. நடுவே தளதளவென்று புரண்டு ஒரு நிமிடம் கொதித்தால் மூன்றும் செத்துவிடும். அதே பாத்திரத்தில் மூடியே ஆறவிடுங்கள். கொதித்த தண்ணீரைக் கழுவாத குடத்தில் ஊற்றி, விரல் நனையத் தம்ளரால் மொண்டு குடித்தால் கேஸ் செலவுதான் மிச்சம். குழாய் வைத்த பாத்திரம் அல்லது நீளக் காம்புள்ள அகப்பை நல்லது. ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் கேன் தண்ணீருக்கும் இதே விதிதான். தண்ணீர் வெளியே வந்தபின் கலப்பதை எந்த வடிகட்டியும் தடுக்காது.

குளோரின் காலராவையும் டைபாய்டையும் எளிதில் கொல்லும். ஹெபடைடிஸ் ஏ சற்று அதிகம் தாங்கும், அதற்கு அளவும் நேரமும் குறையக் கூடாது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் நல்ல பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. பொடியை நேராகத் தொட்டியில் கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். மூட்டை திறந்து ஈரம் பட்டுக் கிடந்த பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும். அதை எவ்வளவு போட்டாலும் வெறும் சுண்ணாம்புதான்.

போட்டார்களா என்று தெரிய, தொட்டியடியில் கேட்பதைவிடக் கடைசி வீட்டுக் குழாயில் பாருங்கள். குளோரோஸ்கோப் குப்பியில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடாலிடின் துளி விட்டதும் மஞ்சள் ஏறினால் குளோரின் மிஞ்சியிருக்கிறது. லிட்டருக்கு 0.2 மி.கி. குறைந்தபட்சம், நோய் பரவும் காலத்தில் 0.5 வேண்டும். தொட்டியடியில் மஞ்சளும் தெருக்கோடியில் வெள்ளையுமாக இருந்தால், நடுவே எங்கோ அழுக்கு கலந்து குளோரினைத் தின்றுவிட்டது என்று பொருள். உடைப்பைத் தேட வேண்டிய இடம் அந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவில்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் சர்க்கரை ஏறிவிடாதா?

கொடுங்கள். ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ், அதுவும் மணிக்கணக்கில் பிரிந்து போகிறது. நீர் வற்றிச் சிறுநீரகம் பழுதாவதுதான் அவருக்குப் பெரிய ஆபத்து. வீட்டுக் கரைசலைவிடப் பொட்டலமே அவருக்கு நல்லது, அதில் சர்க்கரை குறைவு. வழக்கமான மாத்திரைகளில் மெட்ஃபார்மின், நீர் பிரிய வைக்கும் ரத்த அழுத்த மாத்திரை போன்றவற்றைப் பேதி நிற்கும்வரை நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். அதை அன்றே மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிடுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் மட்டும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.